பார்த்துச் சொல்வதும் படித்துச் சொல்வதும்

மனிதக் கண்ணை ஏமாற்றுவதற்கென்றே வரையப்பட்ட படங்களைக் கணிப்பொறியின் முன் வைத்தால் அதுவும் ஏமாறுமா என்ற கேள்விக்கு, ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. சென்ற இதழில் விளக்கப்பட்டபடி, இயந்திரத்துக்குப் படம் என்பது ஒவ்வொரு படப்புள்ளியின் ஒளிர்வையும் குறிக்கும் எண்களின் அடுக்கே ஆகும். அந்த எண்களில் எவ்வித மயக்கமும் இல்லை. மயக்கம் தோன்றுமானால், அது எண்களைக் கையாளும் வழியில்தான் தோன்ற வேண்டும். ஆகவே, காட்சிப்பிழைக்கு இயந்திரம் தரும் விடை சரியா தவறா என்பதைக் காட்டிலும், அந்த விடை அதனுள் எவ்வழியில் உருவாயிற்று என்பதே முதலில் ஆராயத்தக்கது. சூழலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால் உருவாகும் விடை ஒருவகை. முன்பே படித்த விளக்கத்தை நினைவிலிருந்து எடுத்துத் தருவதால் உருவாகும் விடை மற்றொரு வகை. இவ்விரண்டையும் பிரித்தறியும் முறை அண்மைக் காலத்தில்தான் தெளிவாக வகுக்கப்பட்டுள்ளது.

ஒரே சாம்பல், இரு தோற்றம்

காட்சிப்பிழைகளுள் மிக எளியது சாம்பல் நிறச் சதுரங்களைக் கொண்டது. முழுக் கருமையை 0 என்றும் முழு வெண்மையை 255 என்றும் கொள்ளும் அளவுகோலில், 128 மதிப்புடைய ஒரு சதுரத்தை 40 மதிப்புடைய கரும் பின்னணியிலும், அதே மதிப்புடைய மற்றொரு சதுரத்தை 210 மதிப்புடைய வெளிர் பின்னணியிலும் வைத்தால், முதல் சதுரம் வெளிறியும் இரண்டாம் சதுரம் கருத்தும் மனிதர்க்குத் தோன்றும். விழித்திரையிலுள்ள நரம்பணுக்கள் ஒரு புள்ளியின் ஒளியை அப்படியே மூளைக்கு அனுப்பாமல், அப்புள்ளிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வேறுபாட்டையே பெரும்பாலும் அனுப்புவது இதற்கு ஒரு காரணமாகும். நண்பகல் வெயிலில் கிடக்கும் கரித்துண்டு, விளக்கு மங்கிய அறையிலுள்ள வெள்ளைத் தாளைவிட அதிக ஒளியைக் கண்ணுக்கு அனுப்பக்கூடும் என்பதால், ஒளியின் அளவை மட்டும் நம்பினால் பொருளின் நிறத்தை அறிய முடியாது. சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டால்தான் அறிய முடியும். எட்வர்ட் அடெல்சன் 1995-இல் உருவாக்கிய புகழ்பெற்ற சதுரங்கப் பலகைப் படத்தில், நிழலில் உள்ள வெளிர் கட்டமும் வெளிச்சத்தில் உள்ள கருங்கட்டமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தும் வெவ்வேறாகத் தெரிவது, இத்தகைய ஒப்பீட்டோடு நிழலையும் கழித்துப் பார்க்கும் பழக்கம் சேர்வதன் விளைவாகும்.

இவ்வகைப் படங்களை, காட்சிப்பிழை என்ற ஒன்று உண்டென்றே அறியாத செயற்கை நரம்பு வலைகளுக்குக் காட்டினால் என்ன நிகழும் என்பதை, கோமெஸ்-வில்லா, பெர்தால்மியோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தனர். அவர்கள் எடுத்துக்கொண்ட வலைகள் ஒளிப்படத்திலுள்ள இரைச்சலை நீக்கவும், மங்கலைத் தெளிவாக்கவும், ஒளியின் நிறச்சாய்வைச் சரிசெய்யவும் மட்டுமே பயிற்றுவிக்கப்பட்டவை. அவ்வலைகள் வெளியிடுவதும் ஒரு படமே என்பதால், அவற்றிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. உள்ளே சென்ற சதுரத்தின் எண்ணையும் வெளியே வந்த சதுரத்தின் எண்ணையும் ஒப்பிட்டாலே போதும். பல படங்களில், வெளிவந்த எண்கள் மனிதக் கண் பிழைக்கும் அதே திசையில் விலகியிருந்தன.

மங்கலைத் தெளிவாக்கும் பணியை எடுத்துக்கொண்டால் இதன் காரணம் விளங்கும். மங்கல் என்பது ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் அண்டைப் புள்ளிகளில் பரவிவிடுவதாகும். அதைத் திருத்த வேண்டுமானால் புள்ளிக்கும் அண்டைக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்றே பெரிதாக்க வேண்டும். அவ்வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டித் தரும் ஒரு வடிகட்டியை விளக்கத்துக்காகக் கற்பனை செய்துகொண்டால், கரும் பின்னணியிலுள்ள சதுரத்துக்கு வேறுபாடு 88 என்பதால் அதன் மதிப்பு ஏறத்தாழ 137 ஆக உயரும். வெளிர் பின்னணியிலுள்ள சதுரத்துக்கு வேறுபாடு எதிர்த்திசையில் 82 என்பதால் அதன் மதிப்பு ஏறத்தாழ 120 ஆகத் தாழும். இரண்டும் 128 ஆகவே இருந்தும், பயனுள்ள ஒரு பணிக்காகக் கற்ற ஒப்பீடு அவற்றைப் பிரித்துவிடுகிறது. இதற்கு எல்லையும் உண்டு. வடிகட்டி எட்டும் பரப்பைவிடச் சதுரம் பெரிதாக இருந்தால் அதன் நடுப்பகுதிக்குப் பின்னணியின் செல்வாக்கு சென்றுசேராது. அங்கே எண் மாறாது. வலையின் அமைப்பும் படத்திலுள்ள வடிவங்களின் அளவும் மாறும்போது மனிதரோடு உள்ள ஒற்றுமையும் கூடிக் குறைகிறது என்று அவ்வாய்வாளர்கள் கண்டதோடு இது பொருந்துகிறது.

சொற்களோடு வளர்ந்த கண்

படத்தைப் பார்த்து, கேட்ட கேள்விக்கு வாக்கியமாக விடை கூறும் இன்றைய காட்சி–மொழி மாதிரிகளின் நிலை வேறு. அவற்றின் பார்வைப் பகுதி பெரும்பாலும் படத்தையும் அதனோடு இணையத்தில் கிடைத்த விளக்க வரியையும் இணைத்துப் பயிற்றுவிக்கப்படுகிறது; 2021-இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட கிளிப் என்னும் மாதிரி இவ்வாறு 40 கோடி இணைகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. எந்தப் படத்துக்கு எந்த வரி பொருந்தும் என்று கண்டறிவதே அதற்கிடப்பட்ட பணியாதலால், வரியில் எது சொல்லப்படுமோ அதுவே படத்திலிருந்து எடுக்கப்படும். வரியில் சொல்லப்படாத நுண்ணளவுகள் கைவிடப்படலாம்.

எபிங்ஹாஸ் வட்டங்கள் எனப்படும் படத்தை இங்கே எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரே அளவுள்ள இரு வட்டங்களுள் ஒன்றைப் பெரிய வட்டங்களும் மற்றொன்றைச் சிறிய வட்டங்களும் சூழ்ந்திருக்கும். சிறியவற்றின் நடுவிலுள்ளது பெரிதாகத் தோன்றும். அப்படம் அச்சான பெரும்பாலான இடங்களில், நடுவட்டங்கள் இரண்டும் சமமே என்ற விளக்கமும் உடன் அச்சாகியிருக்கிறது. ஆகவே, சூழ்ந்த வட்டங்களின் அமைப்பைக் கண்டவுடனேயே, நடுவட்டங்களை ஒப்பிடாமலே, சமம் என்ற விடையை மாதிரியால் தர இயலும். அளவை ஒப்பிட முயன்றாலும் தடையுண்டு. 1000 புள்ளி அகலமுள்ள படம் பல மாதிரிகளில் 224 புள்ளிகளாகச் சுருக்கப்பட்டு, 16 புள்ளி அகலமுள்ள 196 கட்டங்களாக வெட்டப்படுகிறது. அப்போது 8 புள்ளி வேறுபாடு இரண்டு புள்ளிக்கும் குறைவாகி, ஒரு கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. புதிய மாதிரிகள் பெரிய படங்களைத் துண்டுகளாகப் பெற்றுக்கொள்வதால் இத்தடை தளர்ந்திருந்தாலும், நினைவிலிருந்து விடை தரும் குறுக்குவழி அதனால் மறைந்துவிடுவதில்லை.

பிழையாகத் தோன்றும் மெய்

இக்குறுக்குவழியை வெளிப்படுத்தும் எளிய உத்தியை ஹார்வர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் டோமர் உல்மன் 2024-இல் கையாண்டார். புகழ்பெற்ற காட்சிப்பிழைகளைப் போலவே தோன்றினும் உண்மையில் எவ்விதப் பிழையும் இல்லாத படங்களை அவர் மாதிரிகளுக்குக் காட்டினார். நடுவட்டங்கள் வெவ்வேறு அளவாகத் தோன்றின, ஏனெனில் அவை உண்மையிலேயே வெவ்வேறு அளவாக இருந்தன; கோடுகள் வளைந்து தோன்றின, ஏனெனில் அவை வளைத்தே வரையப்பட்டிருந்தன; வாத்தாகவும் முயலாகவும் தெரியும் பழைய படத்துக்குப் பதிலாக இயல்பான வாத்தின் படமே வைக்கப்பட்டிருந்தது. அக்காலத்திய மாதிரிகள் பலவும் இவற்றையும் காட்சிப்பிழைகள் என்றே கூறின. கண்ணுள்ள எவரும் தயங்காமல் பெரிது என்று சொல்லக்கூடிய வட்டத்தை, அது பெரிதாகத் தோன்றுவது மயக்கமே என்று விளக்கும் இயந்திரம், முந்தைய சரியான விடையையும் பார்த்துச் சொல்லவில்லை என்பதை இதன்மூலம் தானே காட்டிக்கொடுக்கிறது. மூலக் காட்சிப்பிழைப் படத்துக்கு முன்பு சமம் என்று அது கூறியதைக் கண்டு, இயந்திரம் மனிதரைப்போல ஏமாறுவதில்லை என்று முடிவு செய்தவர்கள், அளக்காத ஒன்றை அளந்ததாக எடுத்துக்கொண்டார்கள்.

நான்கு படங்களால் ஒரு சோதனை

ஒரு மாதிரி எவ்வழியில் விடை காண்கிறது என்பதை எபிங்ஹாஸ் வட்டங்களைக் கொண்டே பிரித்தறியலாம். முதல் படத்தில் இரு நடுவட்டங்களும் 100 புள்ளி விட்டத்தோடு சமமாக இருக்கட்டும். இரண்டாவதில் சிறிய வட்டங்கள் சூழ்ந்த நடுவட்டம் 140 புள்ளியாகப் பெருகட்டும். மூன்றாவதும் நான்காவதும் சூழ்ந்த வட்டங்கள் நீக்கப்பட்ட படங்கள்; ஒன்றில் நடுவட்டங்கள் சமமாகவும், மற்றொன்றில் 100, 140 என்றும் இருக்கட்டும். நான்கிலும், எந்த வட்டம் பெரியது, அல்லது இரண்டும் சமமா என்று மட்டுமே கேட்க வேண்டும். காட்சிப்பிழை என்ற சொல் கேள்வியில் வரலாகாது, இடவலத்தையும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

மனிதர் முதல் படத்தில் மட்டும் தவறி, ஏனைய மூன்றிலும் சரியாகச் சொல்வர். புள்ளிகளை எண்ணி அளக்கும் நிரல் நான்கிலும் சரியாகச் சொல்லும். நினைவை நம்பும் மாதிரியோ, முதல் படத்தில் சரியாகச் சொல்லிவிட்டு இரண்டாவதில் சமம் என்று கூறும். ஆயினும் நான்காவது படத்தில் அதே 100, 140 வேறுபாட்டைச் சரியாகக் கண்டுகொள்ளும். இந்த நான்காவது படம் இன்றியமையாதது. அதிலும் மாதிரி தவறுமானால், குறை நினைவின் குறுக்கீட்டில் இல்லை, பார்வையின் கூர்மையிலேயே உள்ளது என்று கொள்ள வேண்டும். அதில் சரியாகச் சொல்லி இரண்டாவதில் மட்டும் தவறினால், காண முடிந்ததைப் பழகிய விளக்கம் அடக்கிவிட்டது என்பது உறுதியாகிறது.

எது பெரிது என்று கேளாமல், எது பெரிதாகத் தோன்றுகிறது என்று கேட்டாலும் சிக்கல் தீராது. கோடுகளின் நீளம் சமம் என்று அளந்து அறிந்த பின்னரும் முல்லர்–லையர் அம்புக்குறிகளில் ஒன்று நீளமாகவே மனிதர்க்குத் தெரிகிறது; அறிவு தோற்றத்தைத் திருத்துவதில்லை. மாதிரியிடம் இவ்விரண்டையும் தனித்தனியே காண வழியில்லை, ஏனெனில் உண்மை நிலை, மனிதர்க்குத் தோன்றும் நிலை ஆகிய இரண்டும் நூல்களில் சொற்களாக எழுதப்பட்டு அதன் பயிற்சியில் கலந்துள்ளன. ஆதலால், எதையும் படித்திராமல் வெறும் எண்களை வெளியிட்ட இரைச்சல் நீக்கும் வலை சிறிதளவு பிழைத்தபோது தந்த சான்று, வாக்கியமாக விளக்கம் கூறும் மாதிரியின் சரியான விடையைவிடப் பார்வையைப் பற்றி அதிகம் உணர்த்துகிறது. ஓர் இயந்திரம் காட்சிப்பிழையில் வென்றது என்றோ தோற்றது என்றோ செய்தி வரும்போது, சற்றே மாற்றப்பட்ட படத்துக்கும் சூழல் நீக்கப்பட்ட படத்துக்கும் அது என்ன கூறியது என்று கேட்பதே அச்செய்தியை மதிப்பிடும் வழியாகும்.

அசையாத படம் சுழல்வதாகத் தோன்றும் கிடயோகாவின் பாம்புப் படத்தில், காணொளியின் அடுத்த காட்சியை ஊகிக்கப் பயின்ற ஒரு வலை சுழற்சியையே ஊகித்ததாக 2018-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு, அடுத்த இதழில் இதே அளவுகோலால் ஆராயப்படும்.

(தொடரும்)