கடைசி நாளில் கொடுக்கும் பிரீமியமும் வட்டிதான்

1966 டிசம்பரில் மெட்ராஸ் இண்டஸ்ட்ரியல் இன்வெஸ்ட்மென்ட் கார்ப்பரேஷன் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குக் கடனீட்டுப் பத்திரங்களை, அதாவது டிபென்ச்சர்களை, 2 சதவீதத் தள்ளுபடியில் வெளியிட்டது. மொத்தத் தள்ளுபடி 3 லட்சம் ரூபாய். பத்திரங்களின் ஆயுள் 12 ஆண்டுகள். 1967 ஜூன் இறுதியில் முடிந்த ஆண்டில் ஆறு மாதங்களே கடன் பயன்பட்டிருந்ததால், அதற்குரிய 12,500 ரூபாயை மட்டும் கம்பெனி தன் கணக்கில் எழுதியது. வருமான வரியிலோ 3 லட்சம் முழுவதையும் அந்த ஓராண்டின் செலவாகக் கழிக்கக் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1997-இல் தீர்ப்பு வந்தது. தள்ளுபடி செலவுதான், ஆனால் கடனால் வரும் பலன் 12 ஆண்டுகளுக்கும் பரவியிருப்பதால் செலவும் அப்படியே பரவ வேண்டும் என்றது நீதிமன்றம். அந்த ஆண்டுக்கு நின்றது 12,500 ரூபாய்தான்.

அந்த வழக்கில் தள்ளுபடி மட்டுமே இருந்தது. வெளியிடும்போது தள்ளுபடி, திருப்பித் தரும்போது பிரீமியம் என இரண்டும் சேர்ந்துவிட்டால் பலரும் தடுமாறுகிறார்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். முக மதிப்பு 10 லட்சம், வட்டி 8 சதவீதம், ஆயுள் 5 ஆண்டுகள். 5 சதவீதத் தள்ளுபடியில் வெளியிட்டதால் கைக்கு வருவது 9,50,000. 10 சதவீதப் பிரீமியத்தோடு மீட்பதால் கடைசியில் கொடுப்பது 11 லட்சம். நடுவில் விழும் 1,50,000 ரூபாய்தான் ‘டிபென்ச்சர் வெளியீட்டு நட்டம்’. பிரீமியம் ஐந்தாண்டு கழித்துத்தானே போகப்போகிறது என்று இப்போது அதை விட்டுவிடக் கூடாது. பத்திரத்தை விற்ற நாளிலேயே அந்தக் கடமை உறுதியாகிவிட்டது. அதனால் முதல் நாள் பதிவிலேயே வங்கிக்கு 9,50,000, நட்டக் கணக்கிற்கு 1,50,000 என்று பற்று எழுதி, டிபென்ச்சர் கணக்கில் 10 லட்சமும் மீட்புப் பிரீமியக் கணக்கில் ஒரு லட்சமும் வரவு வைக்கிறார்கள்.

என் பார்வையில் இதை நட்டம் என்பதைவிட முன்னும் பின்னுமாகப் பிரித்துக் கொடுத்த வட்டி என்பதே பொருத்தம். வெறும் 8 சதவீதத்துக்கு யாரும் பணம் தரமாட்டார்கள் என்பதால்தான் கம்பெனி இந்தச் சலுகைகளைத் தருகிறது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் உண்மையான வட்டி ஏறத்தாழ 11 சதவீதம். வட்டி என்று புரிந்துகொண்டால், பணத்தைப் பயன்படுத்திய ஆண்டுகள்தான் இதைச் சுமக்க வேண்டும் என்பதும் தானே விளங்கும்.

பத்து லட்சமும் ஒரே நாளில் மீட்கப்படுமானால் ஆண்டுக்கு 30,000 என்று சமமாகப் போக்கெழுதலாம். அப்போதும் தேதியைக் கவனிக்க வேண்டும். அக்டோபர் 1-இல் வெளியிட்டு மார்ச் 31-இல் கணக்கை முடித்தால் முதல் ஆண்டுக்கு 15,000 தான். ஐந்து ஆண்டுக் கடன் ஆறு நிதியாண்டுகளைத் தொடும், ஆறாவதில் மீதி 15,000 வரும்.

ஆண்டுதோறும் 2 லட்சம் வீதம் மீட்பதாக இருந்தால் சமமாகப் பிரிப்பது தவறு. முதல் ஆண்டு முழுக்க 10 லட்சம் கையில் இருந்தது, அடுத்து 8, பிறகு 6, 4, 2. கூட்டினால் 30. ஒரு லட்சத்தை ஓர் ஆண்டு வைத்திருந்ததற்கு 5,000 ரூபாய் ஆகிறது. எனவே முதல் ஆண்டுக்கு 50,000, பிறகு 40,000, 30,000, 20,000, 10,000. இதை விட்டு ஆண்டுக்கு 30,000 என்று எழுதினால், வெறும் 2 லட்சம் நிற்கும் ஐந்தாம் ஆண்டில் வட்டிக்கு மேல் இன்னொரு 15 சதவீதம் ஏறும், முதல் ஆண்டிலோ 3 சதவீதம்தான். பிரித்தது தவறு என்பதை இந்த ஏற்றத்தாழ்வே காட்டிக்கொடுத்துவிடும்.

இண்ட்-ஏஎஸ் கணக்கியல் தரங்களைப் பின்பற்றும் பெரிய கம்பெனிகளுக்கு வழி வேறு. அங்கே கடன் 9,50,000-இல் தொடங்குகிறது. ஒவ்வோர் ஆண்டும் அதன்மேல் அந்த 11 சதவீதத்தைச் செலவாக எழுதி, ரொக்கமாகக் கொடுத்த 80,000 போக மீதியைக் கடனோடு சேர்ப்பார்கள். ஒரே நாளில் மீட்கும் நம் கடனில் அந்தச் சேர்க்கை முதல் ஆண்டு சுமார் 24,000, கடைசி ஆண்டு சுமார் 36,600. ஐந்தாம் ஆண்டு முடிவில் கடன் சரியாக 11 லட்சத்தில் வந்து நிற்கும்.

மற்ற கம்பெனிகள் இந்த நட்டத்தைப் பங்குப் பிரீமியக் கணக்கிலிருந்தே கழித்துக்கொள்ளக் கம்பெனிச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இடம் தருகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. அப்படிச் செய்தால் லாப நட்டக் கணக்கில் 8 சதவீத வட்டி மட்டுமே தெரியும், கடனின் முழு விலை முதலீட்டாளர் கண்ணுக்குப் படாது. ஆண்டறிக்கையைப் படிப்பவர் வட்டி வரியோடு நிற்காமல், பங்குப் பிரீமிய இருப்பு அந்த ஆண்டில் ஏன் குறைந்தது என்று குறிப்புகளையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.