வட்டியில் வரி பிடிக்காமலிருக்க ஏப்ரலிலேயே ஒரு படிவம்

வருமான வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கும் ஃபிக்சட் டெபாசிட் வட்டியில் வங்கி வரி பிடித்துவிடுகிறது. ‘நான் வரி கட்ட வேண்டியவளே இல்லையே’ என்று கவுன்டரில் கேட்டால், ‘படிவம் கொடுத்தீர்களா?’ என்பதுதான் பதிலாக வரும். வங்கிக்குத் தெரிவது தன்னிடம் உள்ள டெபாசிட்டுக்கான வட்டி மட்டும்தான். உங்கள் மொத்த வருமானம் எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. வட்டி குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் பிடித்தம் செய்தாக வேண்டும் என்பது சட்டம்.

2025-26 நிதியாண்டில் அந்தத் தொகை 60 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 50,000 ரூபாய். மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம். ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளிலும் உள்ள டெபாசிட் வட்டியைக் கூட்டித்தான் இது பார்க்கப்படும். அதனால் டெபாசிட்டை இரண்டு கிளைகளில் பிரித்துப் போட்டுப் பயனில்லை. பிடித்தம் 10 சதவிகிதம். பான் எண் கொடுக்கவில்லை என்றால் 20 சதவிகிதம்.

வீட்டிலேயே தையல் வேலை செய்யும் 57 வயதுப் பெண்மணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். தையலில் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் கிடைக்கிறது. வங்கியில் போட்டிருக்கும் 8 லட்சத்துக்கு 7 சதவிகித வட்டி, மூன்று மாதத்துக்கு 14,000 வீதம் ஆண்டுக்கு 56,000. மொத்த வருமானம் 1,76,000. புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. ஆனாலும் வட்டி 50,000-ஐத் தாண்டுவதால் வங்கி பிடிக்கும். அதுவும் கூடுதலான 6,000-க்கு மட்டுமல்ல, முழு 56,000-க்கும். ஆண்டு வட்டியை முன்கூட்டியே கணக்கிட்டு, முதல் காலாண்டிலேயே 1,400 ரூபாயைக் கழித்துவிடும். ஆண்டு முழுவதும் சேர்த்து 5,600 ரூபாய் போய்விடும்.

இதைத் தவிர்க்க அவர் கொடுக்க வேண்டியது 15ஜி படிவம். ‘இந்த ஆண்டு என் வருமானத்துக்கு வரி வராது’ என்று நாமே எழுதித் தரும் உறுதிமொழி அது. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, மொத்த வருமானத்துக்கு வரி பூஜ்யமாக இருக்க வேண்டும். இரண்டு, எல்லா வங்கிகளிலும் கிடைக்கும் வட்டியைக் கூட்டினாலும் அது வரிவிலக்கு வரம்புக்குள் இருக்க வேண்டும். நம் தையல்காரருக்கு இரண்டும் பொருந்துகின்றன. 60 வயது நிறைந்தவர்களுக்கான படிவம் 15எச். அதில் இரண்டாவது நிபந்தனை கிடையாது; வரி பூஜ்யம் என்றால் போதும்.

படிவத்தை ஏப்ரலிலேயே கொடுப்பது நல்லது. நெட் பேங்கிங் வழியாகவும் பல வங்கிகளில் கொடுக்கலாம். கிளையில் கொடுத்தால் ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போன ஆண்டு கொடுத்த படிவம் இந்த ஆண்டுக்குச் செல்லாது. இரண்டு வங்கிகளில் பணம் இருந்தால் இரண்டிலும் தனித்தனியே தர வேண்டும். இடையில் புதிதாக டெபாசிட் போட்டால், அதையும் படிவத்தில் சேர்த்தாயிற்றா என்று கேளுங்கள். கூட்டு டெபாசிட் என்றால் முதல் பெயருக்கு உரியவர்தான் படிவம் தர வேண்டும். பான் இல்லாமல் கொடுக்கும் படிவம் செல்லாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அந்தந்த ஆண்டுக்கு உரிய படிவத்தை வங்கியிலேயே கேட்டு வாங்குவது நல்லது.

வட்டியை முதிர்வின்போது மொத்தமாக வாங்கும் டெபாசிட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கைக்குப் பணம் வராததால் பிடித்தமும் இருக்காது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் கணக்கில் சேரும் வட்டியிலேயே ஆண்டுதோறும் வரி கழிக்கப்படும். முதிர்வுத் தொகை, ரசீதில் போட்டிருந்ததைவிடக் குறைவாக வரும்போதுதான் விஷயம் தெரியவரும். வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணுக்கான 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்த்தால், யார் எவ்வளவு பிடித்தார்கள் என்பது அவ்வப்போதே தெரிந்துவிடும்.

படிவம் கொடுக்க மறந்து நவம்பர் ஆகிவிட்டதா? அதற்குள் இரண்டு காலாண்டுக்குப் பிடித்த 2,800 ரூபாயை வங்கி திருப்பித் தராது. அந்தப் பணம் அரசுக்குப் போயிருக்கும். ஆனாலும் உடனே படிவத்தைக் கொடுத்தால் மிச்சப் பிடித்தம் நிற்கும். போன பணத்துக்கு, நிதியாண்டு முடிந்தபின் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து ரீஃபண்ட் கேட்க வேண்டும். வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. வருமானம் வரம்புக்குள் இருந்தாலும் தாக்கல் செய்தால்தான் பணம் திரும்பும்.

ஆனால் வரி வரும் அளவுக்கு வருமானம் உள்ளவர், பிடித்தத்தைத் தவிர்ப்பதற்காகப் பொய்யாகக் கையெழுத்துப் போடக் கூடாது. பொய் உறுதிமொழிக்குச் சிறைத் தண்டனை வரை சட்டத்தில் இடமுண்டு. படிவத்தில் கேட்கும் மொத்த வருமானக் கட்டத்தில் தையல், வாடகை, மற்ற வங்கிகளின் வட்டி என எல்லாவற்றையும் கூட்டி எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள்.