பத்தாவது வடிவத்துக்கு எத்தனை தீக்குச்சி?

ஒரு சதுரம் அமைக்க நான்கு தீக்குச்சிகள் வேண்டும். அதன் வலப்பக்கம் இன்னொரு சதுரத்தை ஒட்டி வைத்தால் மொத்தம் எட்டு ஆகாது, ஏழுதான். நடுவில் நிற்கும் குச்சி இரண்டுக்கும் பொதுச்சுவர். மூன்று சதுரங்களுக்கு 10, நான்குக்கு 13.

பத்துக்கு?

ஐந்து சதுரங்களுக்கு 16 குச்சிகள். அதை இரட்டித்து 32 என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஐந்து சதுர வரிசைகள் இரண்டை ஒட்டும்போது, சந்திக்கும் இடத்தில் ஒரு குச்சி மிஞ்சிவிடும்.

விதி காண, இடது ஓரக் குச்சியை மட்டும் முதலில் நிறுத்தலாம். பிறகு ஒவ்வொரு சதுரமும் மேலே ஒன்று, கீழே ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மூன்று குச்சிகளையே கேட்கும். எனவே n சதுரங்களுக்கு 3n + 1. பத்தாவது வடிவத்துக்கு 31.

மூன்று மூன்றாகக் கூடுவதைப் பார்த்து, முதல் வடிவத்தின் நான்கோடு சேர்த்து 3n + 4 என்று எழுதிவிடுவதும் உண்டு. n = 1 என்று போட்டால் 7 வரும்; தவறு உடனே தெரிந்துவிடும்.

எல்லா அடுக்கும் இப்படிச் சீராக வளராது. சிறு முக்கோணங்களை வரிசை வரிசையாக அடுக்கிப் பெரிய முக்கோணம் செய்தால் 3, 9, 18 என வளரும். கூடுவது முதலில் 6, அடுத்து 9. இங்கே நிமிர்ந்த முக்கோணங்களை மட்டும் எண்ணினால் போதும். தலைகீழானவற்றின் பக்கங்கள் எல்லாம் அவற்றுடையவையே. பத்து வரிசையில் 1 முதல் 10 வரை கூட்ட 55 நிமிர்ந்த முக்கோணங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வீதம் 165 குச்சிகள்.