ஒருவர் நான்கு டிக் போட்டால்

ஓர் ஊர் நூலகத்தில் 200 வாசகர்களிடம் கருத்துக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி: "எதற்காக இங்கே வருகிறீர்கள்? பொருந்துவதையெல்லாம் டிக் செய்யவும்." நாளிதழ் படிக்க என்று 124 பேர், போட்டித் தேர்வுக்குத் தயாராக 110 பேர், புத்தகம் எடுத்துப்போக 86 பேர், பிள்ளைகளை அழைத்துவர 40 பேர், கணினிக்காக 40 பேர். கூட்டினால் 400 வருகிறது. ஆட்களோ 200 பேர்தான்.

இந்த ஐந்து எண்களையும் எக்செல்லில் இட்டு பை சார்ட் கேட்டால் மறுபேச்சில்லாமல் போட்டுத் தரும். சதவீதத்தையும் காட்டச் சொன்னால் நாளிதழ் துண்டின் மேல் 31 என்று எழுதும். வந்தவர்களில் நாளிதழ் படிப்பவர்கள் உண்மையில் 62 சதவீதம். எக்செல் கணக்கில் தவறவில்லை. 124ஐ 200 ஆட்களால் வகுக்காமல் 400 டிக்குகளால் வகுத்தது, அவ்வளவுதான். ஆனால் ஸ்லைடைப் பார்க்கும் நிர்வாகக் குழு, "மூன்றில் ஒருவர்கூடப் பேப்பர் படிக்க வருவதில்லையே, சந்தாவைக் குறைத்தால் என்ன?" என்று கேட்கும். பதில்களின் கூட்டுத்தொகை ஆட்களின் எண்ணிக்கையைத் தாண்டினால் அந்தக் கேள்விக்கு வட்டம் கிடையாது. வட்டம் ஒரு முழுமையைப் பங்கு போடுவது. ஒரே ஆள் இரண்டு துண்டுகளில் இருக்க முடியாது.

இந்தக் கேள்விக்கு உரியது பார் சார்ட். பட்டைகளைப் படுக்கையாகப் போடுவது நல்லது. 'போட்டித் தேர்வுக்குத் தயாராக' போன்ற நீளமான சொற்களை நிற்கும் பட்டைக்குக் கீழே எழுதினால் எழுத்து சாய்ந்துகொள்ளும், பின்வரிசையில் இருப்பவர் தலையையும் சாய்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு எண்ணையும் 200ஆல் வகுத்து 62, 55, 43, 20, 20 என்று பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். பவர்பாயிண்ட் படுக்கைப் பட்டைகளைக் கீழிருந்து மேலாக அடுக்கும் பழக்கமுடையது. முதல் வரிசையை மேலே கொண்டுவர Format Axis பகுதியில் Categories in reverse order என்பதை டிக் செய்ய வேண்டும். 'ஒருவர் பல பதில்கள் தரலாம்' என்று அடியில் ஒரு வரி எழுதிவிட்டால், "எப்படி நூறைத் தாண்டுகிறது?" என்ற கேள்வி எழாது.

வட்டத்துக்கும் இடமுண்டு. "நூலகத்தை இரவு 9 மணிவரை திறக்கலாமா?" என்ற கேள்விக்கு 146 பேர் ஆம், 30 பேர் வேண்டாம், 24 பேர் கருத்தில்லை என்கிறார்கள். ஆளுக்கு ஒரே பதில்; கூட்டினால் 200. முக்கால்வாசிப் பேர் வேண்டும் என்பது வட்டத்தைப் பார்த்தவுடனே புரிந்துவிடும். ஆனால் துண்டுகள் ஐந்தாறாகி, எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால் எது பெரிது என்று கண்ணுக்குத் தெரியாது. கிளீவ்லாந்து, மெக்கில் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1984இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே அளவுகோலில் எழும் பட்டைகளை ஒப்பிடும்போது, கோணத்தை வைத்து மதிப்பிடுவதைவிடப் பிழை குறைவு என்று அவர்கள் கண்டார்கள்.

லைன் சார்ட்டைத்தான் பலரும் காரணமில்லாமல் போடுகிறார்கள். பேப்பருக்கும் கணினிக்கும் நடுவே ஒரு கோடு இழுத்தால், இடையில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. 'மிகவும் திருப்தி' தொடங்கி 'திருப்தியே இல்லை' வரையான பதில்களுக்கும் பட்டையே சரி. அங்கே மட்டும் நீள வரிசையில் அடுக்காமல், கேள்வித்தாளில் இருந்த வரிசையையே விடவேண்டும். கோடு வேண்டியது காலத்துக்கு: ஒரே கேள்வியை ஆண்டுதோறும் கேட்டு, பதில் எப்படி நகர்கிறது என்று காட்டும்போது.

திருப்தி அடைந்தவர்கள் நான்கு ஆண்டுகளில் 68, 70, 71, 73 சதவீதம் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இதற்குப் பட்டை போட்டால் மென்பொருள் தானாகவே அளவுகோலை அறுபத்துச் சொச்சத்தில் தொடங்கிவிடக்கூடும். அப்போது 73இன் பட்டை 68இன் பட்டையைவிட இரண்டு மூன்று மடங்கு உயர்ந்து நிற்கும். பட்டையில் நீளம்தான் அளவு என்பதால், Minimum பெட்டியில் 0 என்று நாமே எழுத வேண்டும். கோட்டில் ஏற்ற இறக்கமே செய்தி. அங்கே பூஜ்ஜியம் கட்டாயமில்லை. ஆனாலும், ஆண்டுதோறும் 200 பேரைக் குலுக்கல்முறையில் தேர்ந்தெடுத்துக் கேட்டாலும் ஒவ்வொரு சதவீதமும் ஏறக்குறைய 7 புள்ளி மேலோ கீழோ போகக்கூடும். எனவே 68இலிருந்து 73க்கு ஏறிய கோட்டைக் காட்டி 'திருப்தி உயர்ந்தது' என்று தலைப்பிட முடியாது. 'பெரிய மாற்றமில்லை' என்றுதான் போடலாம்.