மார்ச் 31க்குள் மெஷின் வாங்கியே ஆக வேண்டுமா?

மார்ச் பிறந்தால் பட்டறைக்காரர்களுக்கு மெஷின் டீலர்களிடமிருந்து ஒரே பேச்சுதான். "31ஆம் தேதிக்குள் எடுத்தால் தேய்மானம் கிடைக்கும், போட்ட பணம் இரண்டரை வருஷத்தில் திரும்பிவிடும்." இது பற்றி வந்த கடிதங்களில் பல, தேய்மானத்தையும் மிச்சத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றன. கோவைப் பகுதி மெஷினிங் பட்டறைகளிலிருந்து அதிகம் வந்த கேள்வி ஏர் கம்ப்ரசரைப் பற்றியது: பழைய 50 ஹெச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரசரைக் கழித்துவிட்டு, தேவைக்கேற்ப வேகம் மாறும் வி.எஃப்.டி. கம்ப்ரசர் வாங்கலாமா? அதையே எடுத்துக்கொள்வோம். தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

கொட்டேஷன் சொல்வது இது. விலை 8 லட்சம். ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரவாக எடுத்துவிடலாம் என்பதால் அது கணக்கில் வேண்டாம். ஆண்டுக்கு 32,000 யூனிட் மிச்சம், யூனிட் 10 ரூபாய் என்றால் 3,20,000 ரூபாய். எட்டு லட்சத்தை அதால் வகுத்தால் இரண்டரை ஆண்டு. முதல் திரும்பும் காலம், அதாவது பே-பேக் என்பது இந்த ஒரு வகுத்தல்தான். எரிசக்தித் தணிக்கை அறிக்கைகளும் இதே எண்ணைத்தான் கடைசிப் பத்தியில் பெரிதாகப் போடுகின்றன. அதற்குள் எத்தனை அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன என்று சொல்வதில்லை.

முதலில் அந்த 10 ரூபாய். மாத பில் தொகையை யூனிட்டால் வகுத்து எடுத்த சராசரி அது. அதில் நிலைக்கட்டணமும் சேர்ந்திருக்கிறது. அனுமதிக்கப்பட்ட சுமையைக் குறைக்காதவரை, யூனிட் குறைந்தாலும் நிலைக்கட்டணம் குறையாது. மிச்சமாவது யூனிட் கட்டணம் மட்டுமே. அதை 8 ரூபாய் என்று வைப்போம். அடுத்தது ஓடும் நேரம். டீலர் இரண்டு ஷிப்ட், 16 மணி நேரம் என்று போட்டிருப்பார். கம்ப்ரசர் பேனலில் உள்ள ஹவர் மீட்டரைப் பாருங்கள். நம் பட்டறையில் அது 12 மணி நேரம்தான் காட்டுகிறது என்றால் மிச்சம் 24,000 யூனிட், 1,92,000 ரூபாய். புதிய மெஷினின் ஆயில், ஃபில்டர் செலவு பழையதைவிட ஆண்டுக்கு 12,000 ரூபாய் கூடுதல் என்று கொண்டால், கைக்கு நிற்பது 1,80,000. பே-பேக் நான்கரை ஆண்டை நெருங்கிவிட்டது.

இங்கேதான் நிகர நிகழ்கால மதிப்பு வருகிறது. எட்டு லட்சத்தை இன்றே கொடுக்கிறோம். மெஷின் எட்டு ஆண்டு உழைக்கும் என்று வைத்தால், மிச்சம் அந்த எட்டு ஆண்டுகளில் துண்டு துண்டாக வருகிறது. கடன் வட்டி 12% என்றால், அடுத்த ஆண்டு வரும் 1,80,000 ரூபாயின் இன்றைய மதிப்பு 1,60,714. ஒருமுறை 1.12ஆல் வகுத்தது. இரண்டாம் ஆண்டுத் தொகையை இருமுறை, எட்டாம் ஆண்டுத் தொகையை எட்டுமுறை வகுக்க வேண்டும். எட்டாம் ஆண்டின் 1,80,000, இன்றைக்கு 72,700 ரூபாய்க்குத்தான் சமம். எட்டு ஆண்டுகளையும் கூட்டினால் 8,94,000 வருகிறது.

அதோடு முடியவில்லை. ஆறாம் ஆண்டுவாக்கில் 20,000 மணி நேரத்தைத் தாண்டியபின் ஏர் எண்டைப் பிரித்து பேரிங் மாற்ற 1,20,000 ரூபாய் ஆகும் என்று வைத்தால், அதன் இன்றைய மதிப்பு 60,800. கடைசியில் பழைய மெஷினாக விற்றால் கிடைக்கும் 40,000 ரூபாய், இன்றைக்கு 16,000. எல்லாம் போக, போட்ட எட்டு லட்சத்தையும் கழித்தால் நிற்பது ஏறத்தாழ 49,500 ரூபாய். லாபம்தான், ஆனால் மயிரிழை. ஆண்டு மிச்சம் 1,80,000லிருந்து 1,70,000 ஆனாலே அது பூஜ்யம். பத்து சதவீதம் குறைந்தால் 40,000 ரூபாய் நஷ்டம். வட்டியோடு பார்த்தால் முதல் திரும்பி வருவது எட்டாம் ஆண்டின் நடுவில்தான். இரண்டரை ஆண்டு என்று தொடங்கிய பேச்சு வந்து நிற்கும் இடம் இது. (12% என்பது வரிக்கு முந்தைய வட்டி. ஆகவே மிச்சத்திலும் வரியைக் கழிக்கவில்லை.)

எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறொன்று: எதோடு ஒப்பிட்டு மிச்சம் என்கிறோம்? பழைய மெஷினை இப்போதிருக்கும் நிலையிலேயே வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். அது பாதிக் காற்றைக் குழாய்க் கசிவுக்காகவே அழுத்திக்கொண்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள். யாரும் காற்றைப் பயன்படுத்தவில்லை. ஆனாலும் கசிவால் அழுத்தம் இறங்கும், கம்ப்ரசர் லோடு எடுக்கும், மறுபடி அன்லோடு ஆகும். லோடில் இருந்த நேரத்தையும் அன்லோடில் இருந்த நேரத்தையும் நாலைந்து சுற்றுக்குக் குறியுங்கள். 2 நிமிடம் லோடு, 6 நிமிடம் அன்லோடு என்றால், எட்டில் இரண்டு, அதாவது கம்ப்ரசர் திறனில் 25% கசிவுக்கே போகிறது. சோப்புத் தண்ணீர் தடவி ஒழுகும் கப்ளிங், ஹோஸ், டிரெயின் வால்வுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஆகும் செலவு, மெஷின் விலைக்கு அருகில்கூட வராது. அதைச் செய்தபின் மின்சாரத்தை அளந்தால், புதிய மெஷின் "மிச்சம் பிடிக்கும்" என்றதில் கணிசமான பகுதி ஏற்கெனவே நம் கையில் இருக்கும். அந்தப் பகுதியைப் புதிய மெஷினின் வரவில் எழுதக் கூடாது. மேலே பார்த்த 49,500 ரூபாய் இந்த ஒரு திருத்தத்தைத் தாங்காது.

இன்னொன்று: ஆண்டு முழுக்க முழு லோடில் ஓடும் கம்ப்ரசருக்கு வி.எஃப்.டி. ஒன்றுமே சேமிக்காது. அந்த டிரைவே கொஞ்சம் மின்சாரம் தின்னும்.

சரி, மார்ச் 31? இயந்திரத்துக்குத் தேய்மானம் 15%. அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதி, 7.5%. பில் போட்டால் போதாது, பொருத்தி ஓடியிருக்க வேண்டும். எட்டு லட்சத்துக்கு 60,000 ரூபாய் கழிவு. 20% வரி கட்டுபவருக்கு இந்த ஆண்டு 12,000 ரூபாய் குறையும். ஆனால் அது பரிசு இல்லை. ஏப்ரலில் வாங்கியிருந்தாலும் வரும் தேய்மானம்தான் முன்கூட்டியே வருகிறது, பின்வரும் ஆண்டுகளில் அந்த அளவு குறையும். அப்படி முன்னால் வருவதன் மதிப்பை அதே 12% வட்டியில் கணக்கிட்டால் ஏறத்தாழ 5,000 ரூபாய். இந்தத் தொகைக்காகத்தான் எட்டு லட்சத்தை அவசரப்படுத்துகிறார்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

மின்கட்டணம் ஏறினால்? ஆண்டுக்கு 3% ஏறும் என்று வைத்தால் நிகர மதிப்பு ஏறத்தாழ 1,38,000 ஆகும். அதை நம்பி மட்டும் வாங்காதீர்கள்.

மானியம்? கைக்கு வரும் ஆண்டில்தான் சேருங்கள்: இரண்டு ஆண்டு கழித்து வரும் 2 லட்சம், இன்றைக்கு 1,59,000.

கடன் வாங்காமல் சொந்தப் பணம் போட்டால்? அந்தப் பணம் வேறெங்காவது ஈட்டக்கூடிய வட்டியைப் போட்டுக் கணக்கிடுங்கள். பூஜ்யம் போடக் கூடாது.

இரண்டு கொட்டேஷனில் எது? பே-பேக் குறைந்ததை அல்ல, நிகர மதிப்பு கூடியதை.

இந்தப் பட்டறைக்கு என் தீர்ப்பு: இந்த மார்ச்சில் வாங்க வேண்டாம். கசிவை அடைத்து, ஒரு வாரம் எனர்ஜி மீட்டர் மாட்டி அளந்து, ஆண்டுக்கு 1,70,000 ரூபாய்க்கு மேல் மிச்சம் என்று அப்போதும் வந்தால், எந்தக் காற்று அளவுக்கு எத்தனை கிலோவாட் என்பதை டீலரிடம் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொண்டு ஆர்டர் கொடுங்கள்.