நகம் கீறும் கோட்டில் நிற்கும் விரல்

ஜனவரி பிறந்து மார்ச் முடியும் வரை திம்புள்ளப் பக்கத்தில் வீசும் காற்று தேயிலைக்கு நல்லது, தோலுக்குக் கெட்டது. ஈரப்பசை குறைந்த அந்தக் குளிர்காற்றில்தான் இப்பகுதியின் வாசம் மிகுந்த தேயிலை விளைகிறது. அதே காற்று முன்னங்கையின் மேற்தோலில் உள்ள நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த நாட்களில் முழங்கைக்குக் கீழே நகத்தால் ஒரு கீறு கீறினால் சுண்ணாம்பு போல வெள்ளைக் கோடு விழும். தலவாக்கலையிலோ ஹட்டனிலோ பள்ளிக்கூடம் போன எவருக்கும் அந்தக் கோடு தெரியும்.

இப்போது தலவாக்கலையில் ஒருவர் தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் உருக்கிக் கலந்து, குளிருக்குப் பூசும் களிம்பு ஒன்று செய்து சின்னச் சின்ன டப்பாக்களில் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு டிக்டொக்கில் ஒரு வீடியோ போட வேண்டும். பார்ப்பவரின் கட்டைவிரல் எந்நேரமும் அடுத்த வீடியோவுக்குத் தள்ளத் தயாராக இருக்கிறது. நிற்பதா தள்ளுவதா என்பது பெரும்பாலும் முதல் மூன்று செக்கனுக்குள் முடிந்துவிடும். அந்த மூன்று செக்கனை எப்படி எழுதுவது?

முதலில் கண்ணின் கணக்கைப் பார்க்க வேண்டும். நம் கண் ஒரு காட்சியை வழுக்கிக்கொண்டே பார்ப்பதில்லை. ஓர் இடத்தில் நின்று, தாவி, இன்னோர் இடத்தில் நிற்கிறது. செக்கனுக்கு மூன்று நான்கு தடவை இப்படி நிற்கும். ஆக மூன்று செக்கனில் நமக்குக் கிடைப்பது பத்துப் பார்வை. அந்தப் பத்தும் கூடத் தேவையில்லை, என்ன காட்சி என்பது முதற் பார்வையிலேயே மூளைக்குத் தெரிந்துவிடுகிறது. 1996இல் சைமன் தோர்ப்பும் அவரோடு வேலை செய்தவர்களும் பிரான்சில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு படத்தை செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, அதில் விலங்கு இருக்கிறதா என்று கேட்டார்கள். விலங்குள்ள படத்துக்கும் இல்லாத படத்துக்குமான வேறுபாடு 150 மில்லிசெக்கனுக்குள் மூளையின் மின்னலைகளில் தெரிந்துவிட்டது. அப்படியென்றால் வீடியோவின் முதல் படமே ஒரு செய்தி. அங்கே கடையின் சின்னமோ பூ அலங்காரமோ வந்தால், ‘இது விளம்பரம்’ என்று மூளை அப்போதே முடிவுகட்டிவிடும்.

இரண்டாவது, அசைவு. ஆடிக்கொண்டே இருக்கும் ஒன்றைவிட, சும்மா இருந்துவிட்டு அசையத் தொடங்கும் ஒன்று கண்ணைப் பலமாக இழுக்கிறது. ஏப்ரம்ஸ், கிறைஸ்ட் என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஆகவே தொடக்கத்திலிருந்தே கமராவை ஆட்டிக்கொண்டு படம் பிடிப்பதில் பயனில்லை. கமரா அசையாமல் இருக்க வேண்டும், படத்துக்குள் ஒரே ஒரு பொருள் அசையத் தொடங்க வேண்டும்.

நம் களிம்புக்காரருக்குத் தேவையான எல்லாமே அந்த வெள்ளைக் கோட்டில் இருக்கிறது. முதல் படத்தில் திரை நிறைய ஒரு முன்னங்கை, அதன்மேல் ஒரு நகம், இரண்டும் அசையாமல். அரைச் செக்கன் கழித்து நகம் நகர்கிறது, கோடு விழுகிறது. ஒன்றரைச் செக்கனில் களிம்பு தொட்ட விரல் அந்தக் கோட்டின் பாதியை மட்டும் தடவிச் செல்கிறது. மூன்றாவது செக்கன் முடியும்போது ஒரு பாதி வெள்ளையாக இருக்கிறது, மறுபாதி காணாமற் போயிருக்கிறது. முன், பின் என்று இரண்டு படம் ஒட்ட வேண்டிய தேவையே இல்லை. வெட்டாமல் ஒரே தொடர்ச்சியாகக் காட்டுவதால், ஏமாற்று வேலை என்ற சந்தேகமும் எழாது.

கோடு மறைவதற்கான காரணம் ஒளியில் இருக்கிறது. காய்ந்த மேற்தோல் செதில் செதிலாகப் பிரிந்து நிற்கிறது. நகம் அவற்றை இன்னும் கிளப்பிவிட, இடையில் காற்று புகுகிறது. செதிலிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து செதிலுக்கும் ஒளி மாறி மாறிப் போகும்போது எல்லாத் திசையிலும் சிதறுகிறது, நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. கறுத்த தோலில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். எண்ணெய் அந்த இடைவெளிகளை நிரப்பிவிடுகிறது. எண்ணெய்க்குள்ளும் தோலுக்குள்ளும் ஒளி வளையும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் சிதறல் அடங்கிவிடுகிறது.

இனிப் பேச்சு. நிதானமாகப் பேசினால் ஒரு செக்கனுக்கு ஐந்தாறு அசை சொல்லலாம், மூன்று செக்கனுக்குப் பதினைந்திலிருந்து பதினெட்டு. “வணக்கம் நண்பர்களே, இன்னைக்கு நாம பாக்கப் போறது” என்பதற்கே பதினேழு அசை போய்விடுகிறது, இன்னும் ஒன்றுமே சொல்லியாகவில்லை. “இந்தக் கோடு ஒங்க கையிலயும் வருதா?” என்று கேட்டால் பதின்மூன்றுதான். மீதி நேரத்தில் நகம் தோலில் உரசும் சத்தம் கேட்கட்டும். இந்தக் கேள்வியின் பலம், பார்ப்பவர் தன் கையை எடுத்துக் கீறிப் பார்ப்பார் என்பதுதான். கீறிப் பார்க்கிற கை வீடியோவைத் தள்ளாது. பலர் சத்தத்தை நிறுத்திவைத்தே பார்க்கிறார்கள், ஆகவே அதே கேள்வி எழுத்திலும் வர வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் இரண்டு வரிக்கு மேல் போகாமல், திரையின் நடுவுக்குச் சற்று மேலே வைப்பது நல்லது. கீழேயும் வலப்பக்கமும் பெயரும் பொத்தான்களும் மறைத்துவிடும்.

படம் பிடிக்கும்போது இது கெடுவது பெரும்பாலும் வெளிச்சத்தால்தான். பின்னேரம் பனி மூடினால் ஒளி நாலாபக்கமும் இருந்து வரும், தோலின் மேடுபள்ளம் தெரியாது, கோடும் மங்கிவிடும். யன்னலுக்குப் பக்கவாட்டில் கையை வைத்தால் ஒளி சரிந்து விழும், செதில்கள் தெரியும். போன் தானாக நிறத்தையும் தெளிவையும் திருத்திக்கொண்டிருந்தால் முதல் அரைச் செக்கன் மங்கலாகவும் நீலம் பாரித்தும் போகும், எனவே இரண்டையும் முன்கூட்டியே பூட்டிவிட வேண்டும். முகத்தை மெழுகும் பில்டர் கூடவே கூடாது. அது அழிப்பது நாம் காட்ட வந்த கோட்டைத்தான்.

தோலுக்கான விளம்பரத்தில் ஆட்களை நிறுத்த இதைவிட எளிய வழி ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது: கறுத்த முகம், பக்கத்தில் அதே முகம் வெளுத்து. 1975இல் இந்தியாவில் வந்த ‘ஃபெயர் அண்ட் லவ்லி’ அந்த வழியிலேயே வளர்ந்து, 2020இல்தான் பெயரிலிருந்து ‘ஃபெயர்’ என்பதை எடுத்தது. வெயிலில் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் அவர்கள் நிறத்தையே குறையாகக் காட்டி எதையும் விற்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆபத்தும் இருக்கிறது. சில நாட்களில் வெளுக்கவைக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. அது தோலின் நிறமி உருவாவதைத் தடுக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நம் கோட்டுக்கும் எல்லை உண்டு. கோடு மறைந்ததால் தோல் ஆறிவிட்டது என்று ஆகாது. வெறும் தேங்காய் எண்ணெய் தடவினாலும் அது மறையும். தேன்மெழுகு சேர்ப்பதன் பயன் களிம்பு சீக்கிரம் வழிந்துபோகாமல் தோல்மேல் தங்கி, உள்ளிருக்கும் நீர் வெளியேறுவதை மெதுவாக்குவது. ஆகவே நான்காவது செக்கனில் “வெடிப்பு குணமாகும்” என்று சொல்லக் கூடாது. காலையில் பூசிய கையில் மத்தியானம் மறுபடி கீறிக் காட்டலாம், அதுதான் இந்தக் களிம்புக்கு நேர்மையான சோதனை.

வீடியோ ஆட்களை நிறுத்துகிறதா என்பதை லைக்கைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. மூன்றாவது செக்கனில் எத்தனை பேர் மிச்சம் என்பதை அந்தச் செயலியே ஒரு வளைகோடாகக் காட்டும். தொடக்கம் மட்டும் வேறுபட்ட இரண்டு வீடியோக்களை, வெவ்வேறு நாளில், ஆனால் நாளின் ஒரே நேரத்தில் போட்டு ஒப்பிடலாம். ஒன்றை 200 பேர் பார்த்து 60 பேரும், மற்றதை 200 பேர் பார்த்து 70 பேரும் நின்றால், அது வெறும் தற்செயலாகவே இருக்கலாம். இரண்டிலும் ஆயிரம் ஆயிரம் பேர் பார்த்த பிறகும் இதைவிடப் பெரிய இடைவெளி நிலைத்தால் நம்பலாம். மூன்றாவது செக்கனில் நிறையப் பேர் நின்று, ஆறாவதில் பொலபொலவென்று உதிர்ந்தால் தொடக்கத்தில் குறையில்லை. தொடர்ந்து வந்த பேச்சு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அதைத் திருத்த வேண்டும்.