இல்லறத்தில் 'காதலர்' சீட்டு வந்தால்...



கல்யாணமாகி 18 ஆண்டுகளான ஒரு சகோதரி என் முன்னே அமர்ந்திருக்கிறார். டேரட் சீட்டுகளைக் கலைத்து வைக்கிறேன். நடுவில் 'காதலர்' விழுகிறது. அம்மாவின் முகம் வாடிவிட்டது. "அக்கா, அவருக்கு வேறு யாரோ இருக்கிறார்கள் என்று காட்டுகிறதா?" என்று கேட்டார்.

நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். புதிதாகப் பெண் பார்க்கும் பிள்ளைக்கு இந்தச் சீட்டு வந்தால் எல்லாரும் சந்தோஷப்படுகிறோம். ஏற்கனவே குடும்பம் நடத்துகிறவருக்கு வந்தாலோ, காதல் என்றதும் வெளியாள் யாரென்று தேடுகிறோம்! பெயரை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள்.

1909-ஆம் ஆண்டு லண்டனில் வெளிவந்த கட்டுதான் இன்று பலர் கையில் இருக்கிறது. வெயிட் என்பவர் வகுத்துக் கொடுக்க, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற அம்மையார் வரைந்தது. அதில் ஆறாம் எண் சீட்டில் ஓர் ஆண், ஒரு பெண், இருவருக்கும் மேலே கைவிரித்த தேவதை. பெண்ணுக்குப் பின்னால் பாம்பு சுற்றிய மரம். மூன்றாம் மனிதர் யாருமில்லை. ஆனால் கண்களைக் கவனியுங்கள்: ஆண் பெண்ணைப் பார்க்கிறான், பெண்ணோ மேலே தேவதையைப் பார்க்கிறாள்.

இதற்கும் முந்திய பிரெஞ்சு நாட்டு மார்செய் கட்டில் படமே வேறு. அங்கே ஓர் இளைஞன் இரண்டு பெண்களுக்கு நடுவே நிற்கிறான். மேலே மன்மதனைப் போன்ற ஒரு குழந்தை அம்பு குறி பார்க்கிறது. இரண்டில் எது என்று தீர்மானிக்க வேண்டிய நேரம் என்பது அதன் பொருள். அந்த இருவரைத் தாயும் மணப்பெண்ணும் என்று சொல்பவர்களும் உண்டு. நம் வீடுகளில் இதற்கு விளக்கம் தேவையா, என்ன?

ஆகவே இல்லறத்தைப் பற்றிய கேள்வியில் இந்தச் சீட்டை நான் 'இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய ஒரு முடிவு' என்றே படிக்கிறேன். யார் யாரைப் பார்க்கிறார், யார் வேறெங்கோ பார்க்கிறார் என்பதையும் கேட்கிறேன்.

அந்தச் சகோதரிக்கு நான்கு சீட்டுகள் வைத்தேன். கலைக்கும் முன்பே இடங்களுக்குப் பெயர் சொல்லிவிட்டேன்: மனைவி, கணவர், இருவருக்கும் இடையில், பேசாமல் இருப்பது. இதைப் பிறகு மாற்றக் கூடாது. மாற்றினால் நம் பயத்துக்கு ஏற்றபடி பொருள் சொல்ல ஆரம்பித்துவிடுவோம்.

மனைவியின் இடத்தில் நான்கு நாணயம்: ஒருவன் காசை நெஞ்சோடு அணைத்து, இரண்டைக் காலடியில் மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கணவரின் இடத்தில் எட்டுக் கோப்பை: அடுக்கிய கோப்பைகளுக்கு முதுகு காட்டி ஒருவன் மலைப்பக்கம் நடக்கிறான். இடையில் காதலர். பேசாத இடத்தில் இரண்டு வாள்: கண்கட்டிய பெண், மார்பின் குறுக்கே இரு வாட்கள்.

எட்டுக் கோப்பையைக் கண்டதும் அவருக்கு மறுபடி பயம். நான் சொன்னேன்: "அவர் உன்னை விட்டுப் போகிறார் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, தங்கச்சி. சேர்த்து வைத்த எதையோ விட்டுவிட நினைக்கிறார், அவ்வளவுதான். காதலர் சீட்டில் ஆண் பெண்ணின் முகத்தைத்தான் பார்க்கிறான். சமீபத்தில் அவர் ஏதாவது கேட்டு, நீ பதில் சொல்லாமல் இருந்தாயா?"

சற்று நேரம் பேசவில்லை. பிறகு வந்தது. கணவர் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பாடு. வேலையை விட்டுச் சொந்தப் பட்டறை வைக்கலாமா, வீட்டின் பேரில் கடன் வாங்கலாமா என்று தீபாவளிக்கு முன்பே கேட்டிருக்கிறார். இவர், "பிள்ளைகள் படிப்பு முடியட்டும்" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாராம். அதற்குப் பிறகுதான் அவர் வாய் திறப்பதில்லை.

கணவர் மனத்தில் இருப்பதை இந்த நான்கு சீட்டும் சாட்சி சொல்லாது. வேறு பெண் இல்லையென்றும் நான் சத்தியம் செய்ய மாட்டேன். சீட்டைக் காட்டி ஒருவர் மேல் பழி போடுவது பாவம். 'இன்னும் ஒரு சீட்டு எடுங்களேன்' என்று அவர் கெஞ்சியபோதும் மறுத்துவிட்டேன். பயத்தோடு எடுத்துக்கொண்டே போனால், எட்டாவது சீட்டுக்குள் எப்படியும் ஒரு பெண்ணின் படம் வரத்தான் செய்யும்!

காதலர் தலைகீழாக விழுந்திருந்தால், முடிவைத் தள்ளிப் போடுகிறார்கள் அல்லது ஒருவரே தனியாக எடுக்கிறார் என்று சொல்லியிருப்பேன். இங்கே நேராக இருந்தது. ஆகவே கேள்வியை மட்டும் மாற்றிக் கொடுத்தேன்: 'அவருக்கு யார் இருக்கிறார்?' என்பதற்குப் பதில், 'பட்டறைக்கு எவ்வளவு வேண்டும், எவ்வளவு இழந்தால் தாங்குவோம்?'

இரண்டு மாதம் கழித்துச் சந்தைப் பக்கம் பார்த்தேன். வீட்டின் பேரில் கடன் வேண்டாம், சனி ஞாயிறு மட்டும் நண்பரின் பட்டறையில் ஓர் ஓரத்தில் தொடங்கிப் பார்ப்போம் என்று முடிவாகியிருக்கிறதாம். கணக்கை இவரே எழுதுகிறார். சீட்டைப் பற்றி அன்று அவர் ஒன்றும் கேட்கவில்லை.